2012-இல் பதிந்த பெயர், இரண்டு மாதமே ஆன நிறுவனம்

முன்பணம் போகவில்லை. அதனால் இது நல்லபடியாக முடிந்த வேலைதான். ஆனால் முடிவுக்கு வந்த வழி நான் நினைத்த வழியல்ல. டொமைன் எனப்படும் இணையதளப் பெயரின் பதிவு விவரத்தைப் பார்த்தால் போலி நிறுவனம் உடனே பிடிபட்டுவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் அந்தப் பதிவு போலிக்குச் சாதகமாகவே சாட்சி சொன்னது.

காங்கேயத்தில் என் மச்சான் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறார். அரை லிட்டர், ஒரு லிட்டர் பவுச் அடைக்கும் இயந்திரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அகமதாபாத்தில் இருப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனம் ரூ.2,85,000-க்குக் கொட்டேஷன் அனுப்பியது. 40 சதவீதம், அதாவது ரூ.1,14,000 முன்பணம், மீதி இயந்திரம் லாரியில் ஏறும்போது. இதே திறனுள்ள இயந்திரத்துக்குக் கோவையில் கேட்ட விலையைவிட ஒரு லட்சம் குறைவு. "மாப்பிள்ளை, வெப்சைட் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 1998 முதல் இருக்கிறார்களாம். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள், நாளைக்குப் பணம் போட்டுவிடுகிறேன்" என்றார். இது நடந்தது 2025 ஏப்ரலில்.

அந்தத் தளத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. போலித் தளத்தை `example.com` என்றும், பிறகு தெரியவந்த உண்மையான நிறுவனத்தின் தளத்தை `example.in` என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு விவரம்

முன்பெல்லாம் இதற்கு ஹூஇஸ் என்று ஒரே ஒரு வழிதான் இருந்தது. .com போன்ற பொதுப் பெயர்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் அதன் இடத்தில் ஆர்.டி.ஏ.பி. என்ற புதிய முறை வந்துவிட்டது. உலாவியில் பார்ப்பதானால் `lookup.icann.org` போதும். எனக்குக் கட்டளை வரிதான் வசதி:

```
curl -sL https://rdap.org/domain/example.com
```

நீளமான பதில் வரும். அதில் events என்ற பகுதியைத் தேடினால் தேதிகள் கிடைக்கும். தேவையானதை மட்டும் பிரித்து எடுத்தால் இப்படி இருந்தது:

```
registration   2012-06-19T04:31:07Z
expiration     2025-06-19T04:31:07Z
last changed   2025-02-13T18:52:40Z
```

அதே பகுதியில் last update of RDAP database என்று இன்னொரு தேதியும் வரும். அது பதிவேட்டின் புதுப்பிப்பு நேரம். நீங்கள் பார்க்கும் நாளின் தேதியாகவே அது இருக்கும். டொமைனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முதல் முறை பார்ப்பவர்கள் "இன்றைக்குத்தான் ஏதோ மாற்றியிருக்கிறார்கள்" என்று பதறுவது இதைப் பார்த்துத்தான்.

`lookup.icann.org`-இல் பார்த்தபோது உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் REDACTED FOR PRIVACY என்று இருந்தது. இதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, டொமைன்களைப் பதிந்து தரும் பதிவாளர்களில் பெரும்பாலோர் உலகம் முழுவதும் யாருடைய பெயரையும் காட்டுவதில்லை. நேர்மையானவர் பெயரும் மறைந்திருக்கிறது, மோசடிக்காரர் பெயரும் மறைந்திருக்கிறது. மறைப்பு இன்று எதற்கும் அடையாளமல்ல.

எஞ்சியது 2012 என்ற ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல் பழைய பெயர். மோசடித் தளங்கள் சில வாரங்களுக்கு முன் பதிந்த பெயரில்தான் இருக்கும் என்பது பொது விதி. இந்த வரியோடு நிறுத்தியிருந்தால் மச்சானுக்குப் பச்சைக்கொடி காட்டியிருப்பேன். தளத்துக்கு மதிப்பெண் போடும் இலவசச் சேவை ஒன்றிலும் போட்டுப் பார்த்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. காரணமாக அதுவும் பெயரின் வயதைத்தான் காட்டியது.

பதிவுத் தேதி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பெயர் அன்றிலிருந்து இடைவெளியில்லாமல் யாரோ ஒருவரிடம் இருந்திருக்கிறது. அந்த ஒருவர் அதே ஆள்தானா என்பதை அது சொல்லாது. டொமைனை விற்றாலும், ஏலத்தில் எடுத்தாலும், பதிவாளரை மாற்றினாலும் பழைய தேதி அப்படியே தொடரும். முழுவதும் காலாவதியாகி, பதிவேட்டிலிருந்தே நீங்கி, புதிதாகப் பதிந்தால் மட்டுமே தேதி புதிதாகும். பத்தாண்டு வயதுள்ள பெயரை விலைக்கு வாங்குவது இன்று ஒரு சாதாரண வியாபாரம். வீட்டுப் பட்டாவில் பழைய எண் இருப்பதால் இப்போது குடியிருப்பவர் பழைய ஆள் ஆகிவிடுவாரா?

last changed என்ற மூன்றாவது வரியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. 2025 பிப்ரவரி 13-இல் ஏதோ மாறியிருக்கிறது. தேதியின் கடைசியில் இருக்கும் Z என்பது அது உலகப் பொது நேரம் என்பதைக் குறிக்கிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நமக்கு அது 14-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12:22. ஆனால் இது மட்டும் போதாது. ஆண்டுச் சந்தா கட்டினாலும் இந்தத் தேதி மாறும், பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டும் நேம் சர்வரை மாற்றினாலும் மாறும். என்ன மாறியது என்று இந்தப் பதிவு சொல்லாது.

பழைய பக்கங்கள்

அடுத்து, தளங்களின் பழைய பக்கங்களைத் தேதியோடு சேமித்து வைக்கும் `web.archive.org`. பெயரை இட்டதும் ஆண்டுவாரியாகப் பட்டை வந்தது. 2013 முதல் 2021 வரை அடிக்கடி பதிவுகள். திறந்து பார்த்தால் பவுச்சும் இல்லை, இயந்திரமும் இல்லை. முதுகுப்பையோடு மலையேறும் ஒரு ஐரோப்பியப் பயணியின் குறிப்புகள், கூடாரங்கள், பனிமலைப் படங்கள். பெயரின் முடிவில் pack என்று இருந்தது. அவர் அதை முதுகுப்பை என்ற பொருளில் வைத்திருக்கிறார். 2022-இலிருந்து "இந்தப் பெயர் விற்பனைக்கு" என்ற ஒற்றைப் பக்கம். 2025 பிப்ரவரி கடைசியில் திடீரென்று பேக்கிங் இயந்திரங்கள்.

"1998 முதல்" என்ற வாக்கியம் இங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. ஆனாலும் தீர்ப்பு எழுத முடியாது. பழைய நிறுவனம் ஒன்று, இருந்த .in பெயரோடு ஒரு .com பெயரும் வேண்டுமென்று விலைக்கு வாங்கியிருக்கலாம். அப்படி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். இந்தப் பெயரை இப்போது வைத்திருப்பவர் புதியவர் என்பது மட்டுமே உறுதியானது.

கையோடு செய்த ஒரு காரியம், `web.archive.org/save` பக்கத்தில் அன்றைய தளத்தின் முகப்பு, தொடர்புப் பக்கம், "எங்களைப் பற்றி" மூன்றையும் சேமித்தது. சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்தால் இவர்கள் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். என் கணினியில் எடுத்த படத்தைவிட, மூன்றாமவரிடம் தேதியோடு இருக்கும் நகலுக்கு மதிப்பு அதிகம்.

சான்றிதழ் பதிவேடு

இது பலருக்குத் தெரியாத இடம்; எனக்கு இருப்பதிலேயே பிடித்த இடமும்கூட. உலாவியில் பூட்டுப் படம் வர வேண்டுமானால் தளத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அப்படி வழங்கும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேட்டில் இட வேண்டும் என்று 2018-இலிருந்து குரோம் கட்டாயமாக்கியது. இடாவிட்டால் எச்சரிக்கை வரும் என்பதால் கிட்டத்தட்ட எல்லோரும் இடுகிறார்கள். `crt.sh` தளத்தில் டொமைன் பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயருக்கு வழங்கிய சான்றிதழ்கள் தேதியோடு வரிசையாக வரும். அந்தத் தளம் அடிக்கடி திணறும், பிழைச் செய்தி காட்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயல வேண்டும்.

பயணக் குறிப்புகள் இருந்த காலத்துச் சான்றிதழ்கள் 2021-இல் நின்றுவிட்டன. பிறகு நீண்ட இடைவெளி. அதற்குப் பின் முதல் சான்றிதழ் 2025 பிப்ரவரி 14. ஆக, 13-ஆம் தேதியின் மாற்றம் வெறும் சந்தா புதுப்பிப்பு அல்ல. பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பியிருக்கிறார்கள், மறுநாளே சான்றிதழ் எடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சான்றிதழின் எண்ணைச் சொடுக்கி உள்ளே போனேன். Subject Alternative Name என்ற தலைப்பின் கீழ் அந்தச் சான்றிதழ் எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்லும் என்ற பட்டியல் இருக்கும்:

```
DNS:example.com
DNS:example.example.net
DNS:www.example.com
DNS:www.example.example.net
```

இரண்டாவது வரியைப் பாருங்கள். அதில் `example.net` என்று நான் மாற்றி எழுதியிருப்பது, தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங் கணக்கின் முதன்மை டொமைன். மலிவான ஹோஸ்டிங் கணக்குகளில் பெரும்பாலும் சிபேனல் என்ற மேலாண்மை மென்பொருள் இருக்கும். ஒரே கணக்கில் கூடுதலாக ஒரு டொமைனைச் சேர்த்தால், முதன்மை டொமைனுக்கு அடியில் அதே பெயரில் ஒரு துணைப் பெயரை அது தானாக உண்டாக்கும். சான்றிதழும் அந்தப் பெயரையும் சேர்த்தே வாங்கும். அப்படி வாங்கும்போது கணக்கின் முதன்மைப் பெயர் பொதுப் பதிவேட்டில் வெளிப்பட்டுவிடுகிறது. வைத்திருப்பவருக்கே இது தெரியாது.

அந்த முதன்மைப் பெயரை `%.example.net` என்று இட்டுத் தேடினேன். ஜெனரேட்டர் விற்கும் தளம், சோலார் பம்பு விற்கும் தளம், பால் குளிர்விக்கும் தொட்டி விற்கும் தளம் என்று ஒரே கணக்கில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஊர் முகவரி. தொடர்புக்கான கைபேசி எண் இரண்டு தளங்களில் ஒன்றேதான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. வெப்சைட் செய்து தருபவர்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் இருபது பேரை ஒரே கணக்கில் வைத்திருப்பது சகஜம். ஒரே கணக்கில் பல நிறுவனங்கள் இருப்பது குற்றமல்ல. எனக்கு உறுத்தியது அந்தக் கைபேசி எண்தான்.

பக்கத்தின் மூலம்

முகப்புப் பக்கத்தில் வலது சொடுக்கில் View page source. இரண்டாயிரம் வரி யார் படிப்பது? நான் தேடுவது `<!--` என்ற குறியை மட்டும். பக்கத்தில் தெரியாமல் உள்ளே இருக்கும் குறிப்புகள் அதில்தான் தொடங்கும். முதல் சில வரிகளுக்குள்ளேயே கிடைத்தது:

```
<!-- Mirrored from www.example.in/ by HTTrack
Website Copier/3.x [XR&CO'2014],
Sat, 15 Feb 2025 09:12:41 GMT -->
```

`HTTrack` ஒரு பழைய இலவச மென்பொருள். ஒரு தளத்தை முழுவதுமாக நகலெடுத்து நம் கணினியில் வைத்துக்கொள்ள உதவுவது. நகலெடுத்த ஒவ்வொரு பக்கத்திலும் எங்கிருந்து, எப்போது எடுத்தது என்று அதுவே எழுதி வைத்துவிடும். இந்த ஆட்கள் அதை அழிக்கவில்லை. 13-இல் சர்வர் மாற்றம், 14-இல் சான்றிதழ், 15-இல் நகல். மூன்றும் வேறு வேறு இடங்களில் கிடைத்த தேதிகள். ஒன்றைத் திருத்தினாலும் மற்ற இரண்டும் திருந்தாது. பெயரின் வயது என்ற ஒற்றை எண்ணைவிட, இந்த மூன்றும் ஒரே வாரத்தில் விழுவதைத்தான் நம்புகிறேன்.

குறிப்பு அகப்படாத தளங்களில், "எங்களைப் பற்றி" பக்கத்திலிருந்து சற்று விநோதமான ஒரு வாக்கியத்தை எடுத்து மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடினால் மூலத்தளம் பெரும்பாலும் வந்துவிடும். படத்தை வைத்துத் தேடுவதைவிட இது விரைவு. இயந்திரப் படங்களை நேர்மையான விற்பனையாளர்களே ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

காகிதப் பக்கம்

இப்போது `example.in` தளத்தைப் பார்த்தேன். .in பெயர்களில் உரிமையாளரை மறைக்கும் சேவைகளுக்கு அனுமதி இல்லை. தனிநபர் விவரம் பொதுவில் தெரியாவிட்டாலும் நிறுவனப் பெயரும் மாநிலமும் பெரும்பாலும் தெரியும்.

```
whois example.in | grep -iE "creation|organi|state"
```

2009-இல் பதிவு, நிறுவனப் பெயர், Gujarat. பதிந்தவர் தாமே நிரப்பிய விவரம்தான் இது என்றாலும், தளத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. `web.archive.org`-இல் 2010-இலிருந்து இருந்த ஆவணப்பதிவுகளும் அதே தொழிலைக் காட்டின.

போலித் தளத்தில் ஜிஎஸ்டி எண் இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் Search Taxpayer-இல் இட்டால் எண் உண்மையானது, Active என்று வந்தது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண் உண்மைதான், அது இவர்களுடையதல்ல. எண்ணையும் சேர்த்துத்தானே நகலெடுத்தார்கள்.

ஆனால் அந்த எண்ணிலேயே ஒரு முரண் இருந்தது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலம்: குஜராத்துக்கு 24, நமக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பானின் நான்காவது எழுத்து உரிமையாளர் எந்த வகை என்பதைக் குறிக்கும்: கம்பெனி என்றால் C, பங்குதாரர் நிறுவனம் என்றால் F, தனிநபர் என்றால் P. அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்து. இதில் இருந்தது F. போலித் தளமும் புரோஃபார்மா இன்வாய்ஸும் பெயருக்குப் பின்னால் "பிரைவேட் லிமிடெட்" என்று போட்டிருந்தன. உண்மையான நிறுவனம் பங்குதாரர் நிறுவனம். கௌரவத்துக்காக இவர்கள் அதைக் கம்பெனியாக்கிவிட்டார்கள். ஜிஎஸ்டி பக்கத்தில் Constitution of Business என்ற இடத்திலும் Partnership என்றே இருந்தது. பிரைவேட் லிமிடெட் என்றால், வெப்சைட் இருக்கும் பட்சத்தில் சிஐஎன் என்ற 21 எழுத்துள்ள கம்பெனி அடையாள எண்ணை முகப்பில் காட்ட வேண்டும் என்பது கம்பெனிச் சட்ட விதி. அதுவும் இல்லை.

கடைசியாக வங்கி. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் வழியாக அனுப்பும்போது பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. மச்சானின் நெட் பேங்கிங்கில் அது வந்திருந்தது. இன்வாய்ஸில் இருந்த கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் இட்டதும் வந்தது ஒரு தனிநபரின் பெயர். நிறுவனப் பெயரின் ஓர் எழுத்துகூட அதில் இல்லை.

தொலைபேசியில் உறுதி செய்ய எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் தேவை. இன்வாய்ஸில் இருப்பதை அழைத்தால் அவர்களே எடுப்பார்கள். `example.in` தளத்தின் 2016-ஆம் ஆண்டு ஆவணப்பதிவில் இருந்த தரைவழி எண்ணை எடுத்தேன். எடுத்தவர் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியைப் பொறுத்துக்கொண்டு, தங்களுக்கு .com தளம் கிடையாது, முன்பணம் கட்டிவிட்டு இயந்திரம் எங்கே என்று கேட்டு ஏற்கெனவே ஆட்கள் அழைத்திருக்கிறார்கள் என்றார்.

அளவுகோலையே சோதித்தது

இதே சோதனைகளை, மச்சான் பல ஆண்டுகளாக உதிரிப்பாகம் வாங்கும் கோவைக் கடை ஒன்றின் மீதும் ஓட்டிப் பார்த்தேன். சான்றிதழ் காலாவதி. ஜிமெயில் முகவரி. தளத்தில் பாதிப் படங்கள் திறக்கவில்லை. 2019-க்குப் பிறகு யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. பார்வைக்கு அதுதான் போலி போலிருந்தது. ஆனால் ஜிஎஸ்டி பெயர், வங்கிக் கணக்கின் பெயர், பலகையில் உள்ள பெயர் மூன்றும் ஒன்று. தளத்தின் பளபளப்பு, எழுத்துப் பிழை, இலவச மின்னஞ்சல் இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போடுவதை அன்றோடு விட்டுவிட்டேன். நம் ஊர்ச் சிறு நிறுவனங்களை அது அநியாயமாகத் தோற்கடிக்கும்.

செலவு ஒன்றுமில்லை, எல்லாம் இலவசச் சேவைகள். டொமைன் கைமாறிய வரலாற்றைக் காட்டும் கட்டணச் சேவைகள் உண்டு, இங்கே தேவைப்படவில்லை. ஒரு மாலை நேரம் போனது. அதில் பாதி `crt.sh` திறக்கக் காத்திருந்தது.

அடுத்த முறை வரிசையைத் திருப்பிப் போடுவேன். முதலில் வங்கிக் கணக்கின் பெயர், பிறகு ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து. இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலான போலிகள் அங்கேயே விழும். அங்கே தப்பியவற்றுக்கு ஆவணப்பதிவு, சான்றிதழ், பக்கத்தின் மூலம். பதிவுத் தேதி கடைசியில். அதுவும் இளமையாக இருந்தால் மட்டுமே ஒரு தகவல். முதுமையாக இருந்தால் வெற்று எண்.

சேமித்த பக்கங்களின் முகவரிகள், `HTTrack` வரி, மூலத்தளத்தின் முகவரி மூன்றையும் வைத்து, ஆர்.டி.ஏ.பி. பதிலில் abuse என்ற குறிப்போடு இருந்த பதிவாளரின் மின்னஞ்சலுக்குப் புகார் அனுப்பினேன். `cybercrime.gov.in`-இலும் பதிந்தோம். பணம் போயிருந்தால் முதலில் 1930-ஐ அழைத்திருக்க வேண்டும். பிறகொரு நாள் பார்த்தபோது பதிவின் status வரியில் client hold என்று வந்திருந்தது. பெயர் பதிவேட்டில் இருக்கும், ஆனால் தளம் திறக்காது. சோலார் பம்பு தளம் வேறொரு பதிவாளரிடம் இருந்தது; அவர்களுக்குத் தனியாக எழுத வேண்டியிருந்தது. மச்சான் கோவையிலேயே, ஒரு லட்சம் அதிகம் கொடுத்து, இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்து வாங்கிவந்தார்.